நேந்திரன் தாரை எந்த வெலைக்கு, எந்த நாளில் விடுறது?

ஓணம் நெருங்கினா எங்க பக்கத்துல நேந்திரன் போட்டவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான். ஒரு வியாபாரி ஒரு வெலை சொல்லிட்டு "நாளைக்குள்ள சொல்லுங்க"ங்கறார். இன்னொருத்தர் அதைவிட கூட சொல்றார், ஆனா எப்ப வருவார்னு தெரியாது. கையில இருக்கறதை எடுத்துக்கறதா, காத்திருக்கறதா? நீங்க கடையில சிப்ஸ் பாக்கெட் வாங்கறப்ப அதுக்குப் பின்னால இப்படி ஒரு கணக்கு ஓடியிருக்கும். அதை நான் போட்ட விதத்துல சொல்றேன்.

மொதல்ல வாழையோட கெடு என்னன்னு பாத்துக்கணும். நெல்லு, மஞ்சளை மூட்டை கட்டி வச்சுட்டு வெலை வரட்டும்னு உக்காந்திருக்கலாம். வாழைத்தார் அப்படி இல்லை. பூ தள்ளி ஏறக்குறைய மூணு மாசத்துல நேந்திரன் வெட்டுக்கு வந்துரும். காயோட ஓரத்துல கூர்மையா தெரியற கோடு மழுங்கி, காய் திரண்டு உருளும். கரும்பச்சை கொஞ்சம் வெளிறும். நுனியில காஞ்சு நிக்கிற பூவைத் தொட்டா உதிரும். அதுக்கப்புறம் நாலஞ்சு நாள் தாங்கும். அதைத் தாண்டினா காய் வெடிக்கும், இல்லேன்னா மரத்துலயே பழுக்கும். பழுக்க ஆரம்பிச்ச தாரை தூரத்துக்கு லாரியில ஏத்த மாட்டாங்க, சிப்ஸ்காரங்களும் வாங்க மாட்டாங்க. இது காய் வைக்கிற கெடு.

ரெண்டாவது கெடு சந்தை வைக்கிறது. பச்சைத்தார் கேரளா போய், கடைக்குப் பிரிஞ்சு, சிப்ஸாகவோ பழமாகவோ வீட்டுக்குப் போகணும். அதனால திருவோணத்துக்கு அஞ்சாறு நாள் முன்னாடியே வாங்கற வேகம் அடங்கிரும். திருவோணம் முடிஞ்ச மறுநாள் நம்ம தாருக்கு அந்த மவுசு இருக்காது. மூணாவது கெடுவை வியாபாரி வைக்கிறார். மூணுலயும் பேசி நகர்த்தக் கூடியது அது ஒண்ணுதான்.

ஒரு வருசத்து கதையைச் சொல்றேன். அந்த வருசம் 700 தார் இருந்தது, சராசரி 11 கிலோ. திருவோணத்துக்கு 25 நாள் இருக்கறப்பவே விசாரிக்க ஆரம்பிச்சேன். மொதல் நாலு பேர்கிட்ட கேட்டது விக்கறதுக்கு இல்லை, வெலை எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான். காய் தயாரா இல்லாதப்ப கேக்கறதுல ஒரு சவுகரியம். அவங்களுக்கும் அவசரம் இல்லை, நமக்கும் இல்லை, சொல்ற வெலை ஓரளவு நெஜமா இருக்கும். 35-லருந்து 39 வரைக்கும் சொன்னாங்க. அதுக்கு மேல யாராவது சொன்னா அது நல்ல வெலை, கீழ சொன்னா நம்ம அவசரத்தைப் பாத்து சொல்றாங்கன்னு மனசுல ஒரு அளவு வந்துருச்சு.

15 நாள் இருக்கறப்ப உள்ளூர் வியாபாரி வந்து தோட்டத்தைச் சுத்திப் பாத்தார். கிலோ 38. தண்டுக்குன்னு தாருக்கு ஒரு கிலோ கழிவு. வெட்டுக்கூலி அவருது. தராசடியிலயே பணம். "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்கண்ணா, ஆள் சொல்லணும்"னார்.

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் பாலக்காட்டுப் பக்கத்து வியாபாரி ஒருத்தர் போன்ல "42 பாக்கலாம், மூணு நாள்ல வர்றேன்"னு சொல்லியிருந்தார். கழிவு அதே ஒரு கிலோ. ஆனா வெட்டுக்கூலி, ஏத்துக்கூலி நம்முது. ஏத்தறப்ப பாதிப் பணம், மீதி ஒரு வாரம் கழிச்சு.

38-க்கும் 42-க்கும் நடுவுல நாலு ரூபாய்னு நெனைச்சா அது தப்புக் கணக்கு. ஒவ்வொரு பேச்சையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரணும். நான் எப்பவும் 'ஒரு தாருக்கு கையில நிக்கிறது எவ்வளவு'ன்னு போடுவேன். உள்ளூர்க்காரர் கணக்குல பத்து கிலோ, 38 வீதம் 380 ரூபாய். பாலக்காட்டுக்காரர் கணக்குல 420, அதுல கூலி 12 போக 408. ஆக உண்மையான வித்தியாசம் தாருக்கு 28 ரூபாய்.

இப்ப மூணாவதா ஒண்ணு பாக்கணும். உள்ளூர்க்காரரை அனுப்பிட்டு காத்திருந்து, பாலக்காட்டுக்காரர் வரவே இல்லேன்னா நம்ம நெலமை என்ன? எங்க பக்கம் கோபியில கூட்டுறவு விற்பனைச் சங்கத்துல வாழைத்தார் ஏலம் நடக்கும். அங்க கொண்டு போகலாம். அப்ப ஏல வெலையை வச்சுப் பாத்தா 36 கெடைக்கும்னு தோணுச்சு. கழிவு போக 360, அதுல வெட்டுக்கூலி, டெம்போ வாடகை, மத்த செலவுன்னு 30 ரூபாய் போனா 330 நிக்கும். நம்ம கடைசிப் புகலிடம் அந்த 330தான். அந்த எண்ணை காலண்டர் ஓரத்துல எழுதி வச்சுட்டேன். அதுக்குக் கீழ யார் கேட்டாலும் பேச்சு கெடையாது.

வீட்டுல கேட்டாங்க: "ஏனுங்க, கன்னு, உரம், முட்டுக்கம்பு, ஆள்கூலின்னு இவ்வளவு போட்டிருக்கோமே, அதைக் கணக்குல சேக்கலையா?" சேக்கலை. அந்தப் பணம் போயாச்சு. 38-க்கு வித்தாலும் 42-க்கு வித்தாலும் அது திரும்பி வராது. அடுத்த வருசம் வாழை போடலாமான்னு யோசிக்கறப்ப அந்தக் கணக்கு வேணும். இன்னைக்குக் கொடுக்கலாமா, நிறுத்தலாமாங்கறதுக்கு அது உதவாது.

சரி, காத்திருந்தா வர்ற லாபம் 28. வரலேன்னா 380-லருந்து 330, நட்டம் 50. மூணு தடவை இப்படிக் காத்திருக்கறோம்னு வைங்க. ரெண்டு தடவை ஆள் வந்தா 56 ரூபாய் லாபம், ஒரு தடவை வராம போனா 50 ரூபாய் நட்டம். கிட்டத்தட்ட சமம். அப்படின்னா மூணுல ரெண்டு தடவைக்கு மேல சொன்ன வெலைக்கே வந்து எடுக்கற ஆளா இருந்தாத்தான் காத்திருக்கறதுல அர்த்தம் இருக்கு. இவர் முன்னாடி ரெண்டு வருசம் வர்றேன்னு சொன்னார். ஒரு தடவை வந்தார், ஒரு தடவை வரலை. பத்தாது.

ஆனாலும் அவர்கிட்ட கேக்காம முடிவு பண்ணக்கூடாது. மறுநாள் மத்தியானம் போன் போட்டேன். வெலையை ஏத்தி விடறதுக்காக இல்லாத ஆளை இருக்கறதா சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது. இருக்கறதை அப்படியே சொன்னேன்: "இங்க ஒருத்தர் வெலை பேசிட்டார். சாயங்காலம் பதில் சொல்லணும். நீங்க எடுக்கறதா இருந்தா நாலு மணிக்குள்ள உறுதியா சொல்லுங்க, அச்சாரம் போட்டு விடுங்க."

வாங்கற ஆள் என்ன கேப்பார்னு கவனிச்சுப் பாத்திருக்கேன். எத்தனை தார், காய் எவ்வளவு திரண்டிருக்கு, லாரி தோட்டம் வரைக்கும் வருமான்னு கேப்பார். கொஞ்சமாவது அச்சாரம் அனுப்புவார். வாங்காத ஆள் "பாத்துக்கலாங்க"ன்னுதான் சொல்வார். இவர் தார் எண்ணிக்கையைக் கேட்டார், ஆனா லாரி எப்ப கெடைக்கும்னு சொல்ல முடியலை, அச்சாரமும் வரலை. பாதி மனசு.

அடுத்தது உள்ளூர்க்காரர்கிட்ட: "நாளைக்குக் காலை எட்டு மணி வரைக்கும் கொடுங்க." ஒத்துக்கிட்டார். அந்த ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு பையனும் நானும் தோட்டத்துக்குள்ள போய் திரண்ட தாருக்கெல்லாம் சுண்ணாம்பு வச்சோம். 450 தார் வெட்டுக்கு வந்திருந்தது. மீதி 250-க்கு இன்னும் ஒரு வாரம் வேணும். இப்ப வெட்டினா எடை வராது.

வாழையில இருக்கற வசதி இதுதான். ஒரே நாள்ல கன்னு வச்சாலும் எல்லாத் தாரும் ஒரே நாள்ல தயாராகாது. அதனால முடிவையும் ரெண்டாப் பிரிக்கலாம். காலையில ஏழரைக்கு உள்ளூர்க்காரருக்குப் போன் போட்டு, சுண்ணாம்பு வச்ச 450 தாரை 38-க்கு எடுத்துக்கோங்க, மீதியைப் பத்தி அடுத்த வாரம் பேசலாம்னேன். கொஞ்சம் முனகினார், ஆனா 450 தார் ஒரு லோடு கணக்குக்கு வந்ததால சரின்னுட்டார். அச்சாரம் வாங்கின நிமிசத்தோட அந்த 450-ஐப் பொறுத்தவரை தேடறது முடிஞ்சது. அப்புறம் யார் 45 சொன்னாலும் அது அவருது. வாக்கு மாறினா அடுத்த வருசம் தோட்டத்துப் பக்கம் வியாபாரி திரும்பிப் பாக்க மாட்டார்.

பாலக்காட்டுக்காரருக்கும் அன்னைக்கே சொல்லிட்டேன்: "450 போயிருச்சு, 250 இருக்கு, ஒரு வாரத்துல வெட்டலாம்." விசாரிச்ச மத்த நாலு பேருக்கும் ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லாம விட்டா நம்ம தாரை நம்பி லாரி பேசி வச்சிருப்பாங்க.

அஞ்சாம் நாள் பாலக்காட்டுக்காரர் வந்தார். தோட்டத்தைப் பாத்துட்டு 42 முடியாது, 40-ன்னார். கூலி போக தாருக்கு 388. திருவோணத்துக்கு பத்து நாள்கூட இல்லை, இனிமே புதுசா ஆள் தேடினா வெட்டு நாள் தாண்டிரும். 330-க்கு மேலயும் இருக்கு, 380-க்கு மேலயும் இருக்கு. அங்கயே கை கொடுத்தேன். மீதிப் பணம் ஒரு வாரத்துல வர்றதா சொன்னது பன்னண்டாம் நாள் வந்தது.

700 தாரையும் அவருக்காக நிறுத்தியிருந்தா தாருக்கு எட்டு ரூபாய் கூட வந்திருக்கும். அதுக்குள்ள அந்த 450-ல எத்தனை தார் வெடிச்சிருக்கும், எத்தனை பழுத்திருக்கும்னு யோசிச்சா அந்த எட்டு ரூபாய் பெருசாத் தெரியலை. இன்னொரு வருசம் அவர் லாரியோடவே வந்து 42 கொடுத்துட்டும் போகலாம். அப்பவும் அச்சாரம் வராத வரைக்கும் இதே கணக்கைத்தான் போடுவேன்.

இந்த வருசம் இன்னும் காய் திரளலை. விசாரிப்பு மட்டும் ஓடிட்டிருக்கு. காலண்டர் ஓரத்துல எண் எழுதியாச்சு.