டிரெட்மில் ரிப்போர்ட்டில் நான் படிக்கத் தவறிய ஒரு வரி



போன மாதம் நான் ஆஸ்பத்திரியில் இருந்ததைக் கேள்விப்பட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். "சார், டிரெட்மில் டெஸ்ட்ல நெகட்டிவ்னு சொன்னீங்களே, அப்புறம் எப்படி ஸ்டென்ட் வச்சாங்க?" என்று பாதிப் பேர் கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. உங்களுக்கும் உதவும்.

மாடிப்படி ஏறினால் நடு நெஞ்சில் ஒரு இறுக்கம். இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். இரண்டு மாதம் வாயு என்று நினைத்து ஓமம் மென்றுகொண்டிருந்தேன். வீட்டம்மா விடவில்லை. ஒரு பரிசோதனை மையத்துக்குப் போய் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தோம். மார்பில் பட்டைகளை ஒட்டி, கையில் பி.பி. பட்டையைக் கட்டி நடக்கவிட்டார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் மூன்று நிமிடம் கோயில் பிரகாரம் சுற்றுவது போல இருந்தது. அடுத்த கட்டத்தில் மலைப்பாதை ஏறுவது போல. ஐந்து நிமிடம் நாற்பது வினாடியில் கால் ஓய்ந்துவிட்டது. "போதும்ப்பா" என்றேன். நிறுத்திவிட்டார்கள்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'நெகட்டிவ்' என்று இருந்தது. இதில் நெகட்டிவ் என்றால் நல்ல செய்தி. இதயத்துக்கு ரத்தம் குறைந்ததற்கான அடையாளம் ஈ.சி.ஜி.யில் தெரியவில்லை என்று பொருள். அங்கே இருந்த தம்பியும் "ஒண்ணும் இல்ல சார், பயப்படாதீங்க" என்றார். வரும் வழியில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

முப்பத்தைந்து வருஷம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவன் நான். விடையை மட்டும் பார்க்காதே, வழியைப் பார் என்று உங்களைத் திட்டியவன். நான் அன்றைக்கு விடையை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் மேலே இருந்த எண்களைப் படித்தேன். 'டார்கெட் ஹார்ட் ரேட்' 133. 'அடைந்த அதிகபட்சத் துடிப்பு' 114. பக்கத்தில் 73 சதவீதம்.

இந்தக் கணக்கு எளிது. 220-லிருந்து நம் வயதைக் கழிக்க வேண்டும். எனக்கு 64. மீதி 156. என் வயதில் இதயம் துடிக்கக்கூடிய உச்சம் ஏறக்குறைய இவ்வளவு. அதில் 85 சதவீதம் 133. அதுதான் எட்ட வேண்டிய இலக்கு. நான் எட்டியது 114. அதை 156-ஆல் வகுத்தால் 73 சதவீதம்.

இலக்கு எதற்கு? இதய ரத்தக்குழாய் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தாலும், உட்கார்ந்திருக்கும்போது தேவையான ரத்தம் போய்விடும். துடிப்பு ஏற ஏறத்தான் தேவை கூடும், பற்றாக்குறை வெளியே தெரியும். நம் தெருக்குழாய் மாதிரிதான். ஒரு வீடு பிடித்தால் தண்ணீர் நன்றாக வரும். பத்து வீடும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் அடைப்பு தெரியும். என் டெஸ்டில் பத்து வீடும் திறக்கவே இல்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இதய டாக்டரிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது கடைசி வரியை அல்ல, அந்த 73-ஐ. "பி.பி.க்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார். மெட்டோபுரோலால் என்றேன். "டெஸ்ட் அன்னைக்குக் காலையிலயும் போட்டீங்களா?" போட்டிருந்தேன். அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. அட்டெனோலால், பைசோபுரோலால் எல்லாம் அதே வகைதான். இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. "ஐயா, இது பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. நீங்க பாதிப் பரீட்சையில எழுந்து வந்துட்டீங்க. எழுதின வரைக்கும் தப்பில்லை, அவ்வளவுதான்" என்றார். எனக்குப் புரியும்படிதான் சொன்னார்.

அவர் சொன்ன முறைப்படி இரண்டு நாள் அந்த மாத்திரையை நிறுத்தி, தினமும் பி.பி. பார்த்து, அவர் முன்னாலேயே மறுபடி நடந்தேன். துடிப்பு 114-ஐத் தாண்டியபோதும் ஈ.சி.ஜி. சரியாகவே இருந்தது. 128-ஐத் தொட்டபோது அதே இறுக்கம் வந்தது. ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. என்று சொல்லும் பகுதி கீழே இறங்க ஆரம்பித்தது. அது படுக்கையாகவோ சரிந்தோ 1 மில்லிமீட்டர், அதாவது தாளில் ஒரு சின்னக் கட்டம், இறங்கினாலே கவனிக்க வேண்டும். எனக்கு ஒன்றரை இறங்கியது. உடனே நிறுத்திவிட்டார்கள். ஆஞ்சியோகிராமில் ஒரு குழாயில் 80 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாடி ஏறுகிறேன், இறுக்கம் இல்லை.

இதைப் படித்துவிட்டு இரண்டு தப்பு செய்யாதீர்கள்.

ஒன்று, டெஸ்டுக்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விட்டால் பி.பி.யும் துடிப்பும் எகிறி நெஞ்சுவலியே வரலாம். ஏற்கெனவே இதய நோய் இருப்பவருக்கு, மாத்திரை எவ்வளவு காக்கிறது என்று பார்க்க, அதைப் போட்டுக்கொண்டே நடக்கச் சொல்வதும் உண்டு. எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு, 133-க்கு 131 வந்தது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 220-லிருந்து கழிப்பது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும். அதேபோல இலக்கை எட்டி நெகட்டிவ் வந்தாலும் குழாய் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று அர்த்தமில்லை. சின்ன அடைப்பு இந்த டெஸ்டில் தெரியாது. பாசிட்டிவ் வந்தாலும் அடைப்பு உறுதி என்று இல்லை. பெண்களுக்கு அப்படிப் பொய்யாகப் பாசிட்டிவ் வருவது கொஞ்சம் அதிகம்.

ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகும்போது ஒரு துண்டுத் தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்.

1. நான் இலக்குத் துடிப்பை எட்டினேனா? எட்டவில்லை என்றால் காரணம் மாத்திரையா, காலா, மூச்சா?

2. இந்த முடிவை நம்பலாமா? இல்லையென்றால் இதையே திரும்பச் செய்வதா, வேறு பரிசோதனையா? (முழங்கால் வலிக்காரர்களுக்கு நடக்காமலே, ஊசி மருந்தால் துடிப்பை ஏற்றி எக்கோ பார்க்கும் முறை இருக்கிறது.)

3. நடக்கும்போது எனக்கு நெஞ்சு இறுக்கம் வந்ததா, பி.பி. ஏற வேண்டிய நேரத்தில் இறங்கியதா? அது ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா?

4. அடுத்த முடிவு தெரியும்வரை நான் எவ்வளவு நடக்கலாம், எதைத் தூக்கக் கூடாது, என்ன வந்தால் உடனே ஓடி வர வேண்டும்?

நான்காவது கேள்விக்கு என் டாக்டர் சொன்ன பதில்: உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலும், ஓய்வெடுத்தும் போகாவிட்டாலும், வியர்த்துக் கொட்டினாலும், காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைக்கு வர வேண்டும்.

பழைய டிரெட்மில் ரிப்போர்ட் பீரோவில் இருந்தால் இன்றைக்கே எடுத்து, 220-லிருந்து உங்கள் அன்றைய வயதைக் கழித்துப் பாருங்கள். கணக்கு வராதவர்கள் எனக்குப் போன் செய்யலாம். இப்போது திட்ட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்