பாதியில் ஒன்றுமில்லை

சமத்தில் விழ வேண்டிய கடைசி 'தோம்' ஓர் அட்சரம் முன்னாலேயே விழுந்துவிட்டது. அக்காவின் கை அப்போதுதான் ஆதி தாளத்தின் கடைசி வீச்சுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் எதையும் காட்டவில்லை. வீச்சை முடித்து, சரியான இடத்தில் பல்லவியை எடுத்தாள். தெரிந்தவர் வீட்டுக் கொலு, முப்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கூடவே தாளம் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மாமாக்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா சொன்னாள்: "இனிமே எனக்கு வாசிக்கிறதா இருந்தா கண்டம் வேண்டாம்டா."

கண்டம் என்றால் ஓர் அட்சரத்துக்குள் ஐந்து. திஸ்ரம் என்றால் மூன்று. நாம் சாதாரணமாக வாசிப்பது சதுஸ்ரம், அதாவது நான்கு. அட்சரத்தின் நீளம் மாறாது, உள்ளே வைக்கும் சொற்களின் எண்ணிக்கைதான் மாறும். ஓர் அட்சரம் ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம், அதாவது 1000 மில்லி விநாடி. 'தகதிமி' சொன்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் 250. 'தகிட' சொன்னால் 333. 'தகதகிட' சொன்னால் 200. காகிதத்தில் இது மூன்றாம் வகுப்பு வகுத்தல். கையில்தான் வராது.

மறுநாள் மிருதங்க சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மிருதங்கத்தைத் தொடக்கூட விடவில்லை. "தாளம் போட்டுண்டு வாயால சொல்லு" என்றார். சொன்னேன். தகதகிட, தகதகிட. ஒவ்வொரு 'த'வும் தட்டோடு சரியாக விழுந்தது. எனக்கே திருப்தியாக இருந்தது.

"கை மேல போய் நிக்கிற எடத்துல என்ன சொல்ற?" என்று கேட்டார்.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கை உயர்ந்து திரும்பும் இடத்தில், என் வாயில் இரண்டாவது 'த' இருந்தது.

"அங்க ஒண்ணும் இருக்கக் கூடாதுப்பா."

அன்றைக்குப் புரிந்த விஷயம் அதுதான். கை கீழே தட்டி, மேலே போய், மறுபடி கீழே வருகிறது. மேலே போய்த் திரும்பும் இடம் ஏறக்குறைய அட்சரத்தின் பாதி. நான்காகப் பிரிக்கும்போது மூன்றாவது சொல் சரியாக அந்தப் பாதியில், 500ல், விழும். உடம்புக்கு அது சௌகரியம், சாய்ந்துகொள்ள ஒரு தூண் மாதிரி. ஆனால் மூன்றிலும் ஐந்திலும் பாதியில் எந்தச் சொல்லும் தொடங்காது. திஸ்ரத்தில் 'கி' 333ல் தொடங்கி 667 வரை போகிறது, பாதி அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. கண்டத்தில் மூன்றாவது சொல் 400ல் தொடங்கி 600 வரை போகிறது. அங்கேயும் பாதி அதன் வயிற்றுக்குள்தான். தூண் இல்லாத இடத்தில் உடம்பு தானாகவே ஒரு தூணை நட்டுவிடுகிறது. தவறு அங்கே தொடங்குகிறது.

திஸ்ரத்தில் இந்தத் தவறு எப்படிக் கேட்கும் என்றால், 'தகி' வேகமாகப் போய் 'ட' பாதியில் உட்கார்ந்துவிடும்: 250, 250, 500. மூன்று சொற்கள் இருக்கின்றன, தட்டும் சரி, ஆனால் அது திஸ்ரம் இல்லை, சதுஸ்ரத்தில் ஒன்றை விழுங்கியது. கண்டத்தில் 'தக' முன்பாதியிலும் 'தகிட' பின்பாதியிலும் போய் அடையும். முன்னால் இரண்டு 250, பின்னால் மூன்று 167.

நான் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் போனில் மெட்ரோனோம் 60ல் வைத்து, சொன்னதைப் பதிவுசெய்து, மடிக்கணினியில் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 400ல் விழ வேண்டிய மூன்றாவது சொல் 480க்குப் பக்கத்தில் இருந்தது. முதல் இரண்டும் ஆளுக்கு 240. மிச்ச மூன்றும் 170 சொச்சம். ஒன்றிரண்டு இடத்தில் இல்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான்.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? ஒவ்வொரு தட்டும் என்னை மன்னித்துக்கொண்டே இருந்தது. முன்பாதியில் இழுத்ததைப் பின்பாதியில் ஓடிச் சரிக்கட்டிவிட்டு, தட்டில் நல்ல பிள்ளையாக வந்து நிற்பேன். மெட்ரோனோமும் தட்டை மட்டும்தானே சொல்லும். ஆனால் கோர்வை என்று வரும்போது சொற்கட்டு தட்டைத் தாண்டிப் போகும். அப்போது சரிக்கட்ட இடம் கிடையாது. கொலுவில் பின்பாதியின் ஓட்டத்தையே பிடித்துக்கொண்டு கோர்வைக்குள் போயிருக்கிறேன். எட்டு அட்சரத்துக்கு நாற்பது சொற்கள். 200க்குப் பதில் 175ல் ஓடினால் 8 விநாடி வேலை 7 விநாடியில் முடிந்துவிடும். சரியாக ஓர் அட்சரம்.

சார் கொடுத்த மருந்து எளிமையானது. ஐந்தை மறந்துவிடச் சொன்னார். "சொல்லு ஒரே ஓட்டமாப் போகட்டும். தட்டை மட்டும் அஞ்சாவதுக்கு அஞ்சாவது போடு." வாயில் வெறும் 'தகதிமி', ஒவ்வொரு 'த'விலும் சிறிய அழுத்தம். கை மட்டும் ஐந்து சொல்லுக்கு ஒருமுறை தட்டும். இதை எழுதிப் பார்த்தால் ஓர் அழகு தெரியும். பெரிய எழுத்து இல்லாத மொழி என்பதால் தட்டு விழும் சொல்லை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்:

(த)கதிமி த(க)திமி தக(தி)மி தகதி(மி) தகதிமி (த)...

தட்டு முதலில் 'த'வில், பிறகு 'க'வில், 'தி'யில், 'மி'யில். நான்கு அட்சரம் முடிந்ததும் மறுபடி 'த'வுக்கு வந்துவிடும். இடையில் 2+3 என்று உடைக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் வாய்க்கு ஐந்து என்பதே தெரியாது. ஒரு சொல் நீண்டாலும் அடுத்த தட்டு தப்பான எழுத்தில் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

திஸ்ரத்துக்கும் இதையே செய்யலாம். மூன்று சொல்லுக்கு ஒரு தட்டு:

(த)கதி(மி) தக(தி)மி த(க)திமி (த)...

த, மி, தி, க. அதே பாதை, பின்பக்கமாக. இதை முதன்முதலில் சொல்லி முடித்தபோது மொட்டைமாடியில் தனியாகச் சிரித்தேன்.

இன்னொன்றையும் சார் கவனிக்கச் சொன்னார். 'தகதகிட'வில் எல்லாம் குறில், ஆளுக்கு ஒரு மாத்திரை. ஆனால் வாய் சும்மா இருக்காது. கடைசி 'ட'வை 'டா' ஆக்கி மூச்சு வாங்கிக்கொள்ளும், 'கி'யை மென்று விழுங்கும். அதனால் மூச்சை எப்போதும் சொற்கட்டின் முடிவில் வாங்காமல் இடம் மாற்றி வாங்கச் சொன்னார். இதற்கும் ஒரு வரம்பு உண்டு. வேகம் இரட்டித்தால் ஒரு சொல்லுக்கு 100 மில்லி விநாடிதான். அங்கே யாரும் எண்ணுவதில்லை, மெதுவாகச் சொன்னபோது உடம்பில் பதிந்த உருவம்தான் வேலை செய்யும். கோணலாகப் பதிந்திருந்தால் கோணல்தான் வேகமாக வரும்.

நாலு மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் தாளம் போடேன்" என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு போட்டாள். நான் வாயால் ஓர் ஆவர்த்தனம் கண்டம் சொன்னேன், பத்துத் தகதிமியாக. ஐந்தாவது அட்சரத்தில் அவள் கையும் என் 'த'வும் ஒன்றாக விழுந்தன. ஒன்பதாவதில், அதாவது சமத்தில், மறுபடியும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தாளத்தை நிறுத்தவும் இல்லை. "ம், இன்னொரு வாட்டி" என்றாள்.