மௌனத்துக்கு ஒரு தவணை

கலியாணப் பேச்சை முறித்துக்கொள்வதற்கு எமது யாழ்ப்பாணத்தில் முன்னாளில் நல்லதொரு வழி இருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு விருப்பம் குன்றினால், தரகர் வாயிலாகப் பெண்ணின் சாதகம் திரும்பி வரும். “பொருத்தம் போதாது” என்ற சொல்லும் கூடவே வரும். அது மெய்யோ பொய்யோ என்று எவரும் ஆராய்வதில்லை. சீதனம் போதவில்லையாயினும், பெண்ணைப் பிடிக்கவில்லையாயினும், பழி முழுவதையும் செவ்வாய்க் கிரகம் சுமந்துகொள்ளும். பெண் வீட்டார் அன்று மாலையே அச்சாதகத்தை வேறொரு தரகர் கையிற் கொடுக்கலாம்.

இன்றோ சாதகம் பொருந்தியபின் பிள்ளைகள் இருவரும் தொலைபேசியிற் கதைத்துப் பழகட்டும் என்று பெற்றோர் விட்டுவிடுகின்றனர். அது நல்லதே. ஆனால், விருப்பம் மாறியபோது அதனை எடுத்துரைக்கும் தரகர் அங்கே இல்லை. ஆகவே இரண்டு வகை மௌனங்கள் தோன்றியுள்ளன. நேற்றுவரை கதைத்தவர் இன்று அடியோடு காணாமற் போவது ஒன்று. ஆங்கிலத்தில் இதனைக் ‘கோஸ்ரிங்’ என்பர். பேய்போல் மறைதல் என்பது பொருள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இப்பொருளை 2017ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. மற்றையது, பேச்சு நாளுக்கு நாள் குறைந்து, எப்போது முடிந்தது என்றே தெரியாமல் தேய்ந்து போவது.

இவற்றுட் கொடியது எது என்று கேட்டால், மாணவர் பலரும் முன்னதையே சொல்வர். எமது எண்ணம் வேறு. உறவினர் மகளொருத்திக்கு நேர்ந்ததைக் கூறினால் காரணம் விளங்கும்.

அவளுக்கு வயது 27, வங்கியில் உத்தியோகம். ரொறன்ரோ நகரிலுள்ள ஒருவருக்குச் சாதகம் பொருந்தி, ஆனி மாதத்திற் பேச்சுத் தொடங்கிற்று. அங்கே கோடைகாலத்தில் எமது நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின். இங்கே காலை ஆறு மணியென்றால் அங்கே முதல்நாள் இரவு எட்டரை. அவர் வேலை முடிந்து வீடு வந்திருப்பார். இவள் வேலைக்குப் புறப்படுமுன் கதைத்துவிடுவாள். முதல் மாதத்தில் அவராகவே 16 நாட்கள் அழைத்தார். இரண்டாம் மாதத்தில் ஏழு நாட்கள். ஆவணி பிற்பகுதி தொடங்கி, இவள் அழைத்தாலன்றிப் பேச்சில்லை. அழைப்பு நின்று எழுத்தாயிற்று, எழுத்தும் சுருங்கிற்று. “வேலை அதிகம், பிறகு கதைக்கிறேன்” என்று வரும். அந்தப் ‘பிறகு’ எந்த நாள் என்று வராது. ஆயினும் ஐந்து நாளுக்கொருமுறை ஒரு சிரித்த முகமாவது வந்துகொண்டிருந்தது.

அந்தச் சிரித்த முகமே தொல்லை. ஸ்கின்னர், பெர்ஸ்டர் என்னும் உளவியலாளர் இருவர் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகளை 1957இல் நூலாக வெளியிட்டனர். கொத்தும்போதெல்லாம் தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் நின்றதும் விரைவிற் கொத்துவதை விட்டுவிடும். எப்போதாவது ஒருமுறை மட்டும் பெற்றுப் பழகிய புறாவோ நெடுநேரம் விடாமற் கொத்தும். மனிதரைப் புறாவோடு ஒப்பிடுவது முழுதும் பொருந்தாது. என்றாலும், தேய்கின்ற உறவில் ஒவ்வொரு சிறு பதிலும் காத்திருப்பைப் புதிதாகத் தொடக்கிவிடுகிறது என்பதை எவரும் உணரலாம். அறவே மறைந்தவர் விடயத்தில் காத்திருக்கத் தொடங்கிய நாளாவது தெரியும். இங்கே அதுவும் தெரியாது.

கார்த்திகை மாதத் தொடக்கத்தில் மேலுமொரு குழப்பம். கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ளுவர். எமது காலை ஆறு மணி அங்கே இரவு ஏழரையாயிற்று. “அவர் அந்நேரம் வீடு வந்திருக்கமாட்டார்” என்று இவள் சமாதானம் கூறினாள். அவளுடைய நாட்குறிப்பையே எடுத்துப் பார்க்கச் சொன்னோம். அழைப்புக் குறைந்தது கடிகாரம் மாறுவதற்கு இரண்டு மாதம் முன்பே என்பது அவள் கையெழுத்திலேயே இருந்தது. வேலை மிகுந்தவனுக்குப் பதில் தாமதமாகும். ஆனால் தாமதித்து வருபவன் கேள்வி கேட்பான். “அம்மாவுக்குக் கால்வலி எப்படி?” என்று விசாரிப்பான். இவருடைய எழுத்தில் கேள்விக்குறி மறைந்து ஐந்து வாரமாயிருந்தது. எத்தனை நாள் பதில் இல்லை என்பதிலும் இதுவே நம்பத்தக்க அடையாளம் என்பது எமது துணிபு.

வாட்ஸ்அப்பில் தோன்றும் சரிக்குறிகளை இளையோர் சோதிடம்போல் ஆராய்கின்றனர். ஒரு குறியென்றால் எழுதியது புறப்பட்டது, இரண்டென்றால் அவருடைய தொலைபேசியைச் சேர்ந்தது, நீலமானால் வாசித்தார். இவ்வளவே. நீலம் தெரியாதபடி அமைத்துக்கொள்ளவும் முடியும். ஒரு குறியோடு நிற்பது எம்மைத் தடைசெய்ததாலும் இருக்கலாம், தொலைபேசி பழுதானதாலும் இருக்கலாம். எனவே, ஒருவர் திடீரென மறைந்தால், குறியைப் பார்த்திராமல் அவர் சுகமாக இருக்கிறாரா என்று உறவினர் ஒருவரிடம் ஒருமுறை கேட்பதே முறை. சுகத்தை மட்டும் கேட்கவேண்டும், காரணத்தைக் கேட்கலாகாது. (போரிற் காணாமற் போனோரைத் தேடும் தாய்மாரின் காத்திருப்பு வேறு. அதற்குத் தவணை சொல்ல எமக்கு வாயில்லை.)

தாயார் சொன்னதும் நியாயம் போலவே இருந்தது. “மார்கழியில் நாங்கள் ஒன்றும் செய்யப் போவதில்லை. தை மட்டும் பொறுத்துப் பார்ப்போம். தை பிறந்தால் வழி பிறக்குமல்லவா?” என்றார். முல்லைத் திணைத் தலைவியும் கார்காலம் வரை காத்திருந்தவளே. ஆனால் அந்தக் காலத்தைக் குறித்துக் கொடுத்தவன் பிரிந்து சென்ற தலைவன். இங்கே தைமாதத்தைக் குறித்தவர் பெண்ணின் தாயார்; மாப்பிள்ளைக்கு அதைப்பற்றி ஒன்றுமே தெரியாது.

ஆகவே, தவணையை அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்றோம். நவம்பர் 10ஆந் திகதி அவள் எழுதியது இது: “வணக்கம். இந்தப் பேச்சைத் தொடர உங்களுக்கு விருப்பமா என்று அறிய விரும்புகிறேன். விருப்பமில்லையென்றாலும் குறை நினைக்கமாட்டேன். 24ஆந் திகதிக்குள் ஒரு சொல் எழுதினாற் போதும். எழுதாவிட்டால், பேச்சு முடிந்ததென்று கொள்கிறேன்.” காரணம் கேட்கவில்லை, குற்றம் சாட்டவில்லை. கடைசி வாக்கியந்தான் முக்கியம். அது இல்லாவிடில் அவருடைய மௌனத்துக்கு ஆயிரம் பொருள் கொள்ளலாம். அது இருந்தால் ஒரே பொருள்.

இரண்டு வாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர் ஆகக்கூடுதலாகப் பதில் இல்லாதிருந்தது ஐந்து நாள். அதனை ஏறத்தாழ மூன்று மடங்காக்கினோம். காய்ச்சல், வேலை நெருக்கடி, பெற்றோருடன் ஆலோசனை எல்லாம் அதற்குள் அடங்கும். மாதக்கணக்கில் தாமதித்தே எழுதும் வழக்கமுள்ளவருக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவரவர் பழைய வழக்கமே அளவுகோல். திடீரென மறைந்தவருக்கோ, சுகமென்று அறிந்தபின் ஒரு வாரமே போதும் என்போம்.

11ஆந் திகதி குறி நீலமாயிற்று. பதில் இல்லை. கொழும்பிலுள்ள அவருடைய சிறிய தாயாரிடம் ஒருமுறை விசாரித்தோம். தம்பி நல்ல சுகம், போன கிழமைதான் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்வந்தவர் என்றார். 24ஆந் திகதி இரவு அவள் சாப்பிடவில்லை. 25ஆந் திகதி தாயார் தரகரிடம் சென்று, மாப்பிள்ளையின் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். “பொருத்தம் போதாது என்று சொன்னேன்” என்றார் எம்மிடம்.

தைப்பொங்கலன்று ரொறன்ரோவிலிருந்து ஒரு பொங்கற்பானைப் படம் வந்தது, கீழே “எப்படிச் சுகம்?” என்று எழுதியிருந்தது. மூன்று மாதத்துக்குப் பின் வந்த முதற் கேள்விக்குறி அது. தாயாரின் முகம் மலர்ந்தது. மகள் வாசித்துவிட்டு, “உங்களுக்கும் பொங்கல் வாழ்த்துக்கள்” என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.