கைதட்டலுக்குப் பேசியவன்

வீதி நாடகத்தில் கதைசொல்லிக்கு முதல் வேலை, நடந்துபோகிறவரை நிற்க வைப்பது. அவர் மறுபடி நடக்கத் தொடங்குவதற்குள் எதற்காக நிறுத்தினோம் என்று சொல்லிவிடுவது அடுத்த வேலை. முதலாவதில் நான் கெட்டிக்காரன். அடுத்ததைத் தெரிந்தே தள்ளிப்போட்டேன், அதுவும் பல வருஷம்.

எங்கள் குழு சந்தைகளில் போட்ட நாடகம் நாள் வட்டியைப் பற்றியது. விடியற்காலையில் சரக்கு எடுக்கக் காய்கறிக்காரருக்குக் கைக்காசு வேண்டும். வட்டிக்காரர் ஆயிரம் என்று எழுதிக்கொண்டு 900 ரூபாய் கொடுப்பார். ராத்திரி கடை கட்டும்போது ஆயிரமாக வாங்கிக்கொள்வார். மறுநாள் விடிந்தால் மறுபடியும் அதே 900. இதைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நாள் வட்டியும் தண்டலும் அந்தச் சட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. சந்தையில் கடன் வாங்குகிற பலருக்கு இது தெரியாது. அதைச் சொல்லத்தான் போனோம்.

நான் என்ன செய்தேன்? பறை அடித்ததும் பிள்ளைகள் ஓடிவருவார்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தால் நடுவே பதினைந்து அடி வட்டம் தானாக அமைந்துவிடும். அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள் நிற்பார்கள். அங்கிருந்து என் ராஜ்ஜியம். குடிகாரனைப் போல் தள்ளாடுவேன். பஸ் கண்டக்டர் குரலில் ஊர்ப்பெயர்களை அடுக்குவேன். மாமியார் மருமகள் சண்டை போடுவேன். சிரிப்பு வந்தால் இன்னொன்று. வட்டி என்ற சொல் என் வாயிலிருந்து வர எட்டு நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம்கூட ஆகும்.

கேட்டவர்களிடம், தெருக்கூத்தில் கட்டியக்காரன் இப்படித்தானே செய்கிறான் என்று வாதாடினேன். அது சாமர்த்தியமான பொய். கூத்துக்கு வருகிறவர் பாயோடு வருகிறார், விடிய விடிய உட்காரப் போகிறார். கட்டியக்காரன் யாரையும் வழிமறிக்க வேண்டியதில்லை. சந்தைக்கு வந்தவர் கையில் பையோடு நிற்கிறார், அவருக்கு பஸ் பிடிக்க வேண்டும். தில்லியில் ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் போட்ட ‘மெஷின்’ நாடகம் முழுவதுமே பதின்மூன்று நிமிஷம்தான் என்பார்கள். சைக்கிள் நிறுத்த இடமும் ஒரு தேநீர்க் கடையும் கேட்ட தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட கதை அதற்குள் முடிந்துவிடுகிறது. என் முன்னுரை அதில் முக்கால் பங்கை விழுங்கியிருக்கும்.

எனக்கு அது உறைக்காமல் இல்லை. கூட்டம் நிற்குமா போகுமா என்பதைக் கையிலிருக்கும் பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பையைத் தரையில் வைத்தவர் நிற்பார். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினால் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். நான் கண்டக்டர் குரலில் பேசிக்கொண்டிருந்தபோதே பைகள் கை மாறின. பார்த்துக்கொண்டே தொடர்ந்தேன். போகிறவர் போகட்டும், நிற்கிறவர் சிரிக்கிறாரே என்பதுதான் என் கணக்கு.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அந்த நாடகம் யாருக்காகவோ அவர்களால் அதைப் பார்க்கவே முடியாது. கடைக்காரர் தராசை விட்டு எழுந்து வர மாட்டார், கீழே உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். அவருக்குக் கிடைப்பது காதில் விழும் குரல் மட்டும். நான் குரலைத் தூக்கிப் பேசியதோ நாடகத் தொடக்கத்தில்தான். ஆக, என் மாமியார் மருமகள் சண்டை அவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வட்டிக் கணக்கு சேரவில்லை.

குழுவில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு பெண்தான் இதற்கு வழி கண்டுபிடித்தாள். பறை நின்றதும் வட்டத்தின் நடுவில் நின்று, உண்டியல் காசிலிருந்து எடுத்த நூறு ரூபாய் நோட்டுகளை உரக்க எண்ணினாள்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு…”

யாரோ பணம் எண்ணுகிற குரல் கேட்டால் சந்தையில் எந்தக் காலும் நின்றுவிடும். ஒன்பதில் நிறுத்தி, காய்கறிக்காரியாக நடிப்பவளிடம் நீட்டினாள்.

“இந்தாக்கா, ஆயிரம்.”

“ஒம்பதுதானே இருக்கு? பத்தாவது எங்க?”

“அது என் வட்டி. ராத்திரி எனக்குப் பத்தும் வரணும்.” பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, “ஒரு நாளைக்கு நூறு. முப்பது நாளைக்கு எம்புட்டுங்க?”

“மூவாயிரம்!” பிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள்.

“மூவாயிரம் கட்டியாச்சு. நாளைக்குக் காலையில சரக்கு எடுக்க?”

அதற்குப் பதில் சொன்னது பிள்ளைகள் இல்லை. முதுகுகளுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு குரல் வந்தது: “மறுபடியும் அதே தொள்ளாயிரந்தான்.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கூட்டம் சேர்ந்த காரணமும் நாடகத்தின் விஷயமும் ஒன்றாகவே இருந்தன. சேர்ப்பதற்கு ஒன்று, சொல்வதற்கு ஒன்று என்று நான் பிரித்து வைத்திருந்ததுதான் கோளாறு. பார்க்க முடியாதவருக்கும் எண்ணிக்கை காதில் விழுந்தது. நான் அவளைப் பாராட்டவில்லை. “நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் வறட்சி” என்றேன். அடுத்த சந்தையில் மூத்தவன் என்ற உரிமையில் அந்த இடத்தை நானே எடுத்துக்கொண்டேன். ஆறாவது நோட்டுக்கும் ஏழாவதற்கும் நடுவில் ஒரு நகைச்சுவையைச் செருகினேன், கூட்டம் சிரித்தது. ஆனால் எண்ணிக்கை அறுந்துபோயிற்று. ஒன்பதில் நிறுத்தியபோது அது ஒன்பது என்று யாருக்கும் படவில்லை. “முப்பது நாளைக்கு எம்புட்டு?” என்றேன். பதிலே இல்லை. இப்போது தொடக்கம் அவளுடையது, நான் பறை அடிக்கிறேன். அதுவும் நானாக விட்டுக்கொடுத்தது இல்லை, குழு கூடி எடுத்த முடிவு.

நோட்டு எண்ணுவதற்கு முன்பே நடந்த ஒன்றை இதுவரை குழுவில்கூட முழுசாகச் சொன்னதில்லை. “ரெண்டு நிமிஷத்துக்குள்ள விஷயத்துக்கு வா” என்று எங்கள் இயக்குநர் கடிந்துகொண்ட வாரம் அது. நான் குறுக்கு வழி பிடித்தேன். பறை நின்றதும் பக்கத்தில் தக்காளி விற்றுக்கொண்டிருந்த பெண்ணை நோக்கிக் கை நீட்டினேன். “இந்த அக்கா இன்னைக்கு எவ்வளவு கடன் வாங்கி உட்கார்ந்திருக்காங்க தெரியுமா?” சந்தையே திரும்பிப் பார்த்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அதையும் நான் நடிப்புக்குச் சாதகமாக்கிக்கொண்டேன். அவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடன் கொடுத்தவரோ அவருடைய ஆளோ கூட்டத்தில் நிற்கலாம் என்று யோசிக்கவும் இல்லை.

நாடகம் முடிந்து துணியை ஏந்திக் காசு கேட்டுப் போனபோது அந்த அக்காவும் பத்து ரூபாய் போட்டார்.

“நீ சொன்னது நெசந்தான் தம்பி. நாளைக்கு எனக்கு அவரு காசு குடுக்கலைன்னா நீ குடுப்பியா?”

சட்டம் இருக்கிறது அக்கா, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்றேன். அவர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் வேறொரு சந்தையில் வேறொரு கடையை நோக்கிக் கை நீட்டினேன். முந்தின வாரம் அந்த இடத்தில் கைதட்டல் நன்றாக வந்திருந்தது.