‘வையுங்கள்’ என்ற ஒரு சொல்லுக்கு இன்னொரு எஸ்.எம்.எஸ்.

வரக்காப்பொல பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் லயத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறோம். அம்மாமார் பலரிடம் இருப்பது பட்டன் போன்தான். வாட்ஸ்அப் சரிவராது. அதனால் 100 எஸ்.எம்.எஸ். பாக்கேஜ் ஒன்று போட்டு, 60 வீட்டுக்கு இதை அனுப்பினோம்:

“சனிக்கிழமை காலை 9 மணிக்கு வாசிகசாலையில் வகுப்பு. பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.”

50 வீட்டோடு பாக்கேஜ் முடிந்துவிட்டது. மிச்சம் பத்து வீட்டுப் பிள்ளைகள் அன்று வரவில்லை. யாரோ காசை அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகுதான் போனில் தட்டும்போது ஓரத்தில் தெரியும் 57/2 என்ற எண்ணைக் கவனித்தோம். அந்த 2 என்றால், இது இரண்டு எஸ்.எம்.எஸ். என்று அர்த்தம்.

ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 140 பைட் கொண்ட ஒரு சின்னப் பெட்டி. ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், ஆகவே 160 எழுத்து அதில் அடங்கும். அந்த 7 பிட் அட்டவணையில் தமிழ் இல்லை. தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 16 பிட் எடுக்கும், ஆகவே 70தான். ஆங்கிலச் செய்திக்குள் ஒரே ஒரு தமிழ் எழுத்தைப் போட்டாலும் முழுச் செய்தியும் 70க்கு இறங்கிவிடும்.

இன்னொரு சிக்கல், போன் நம்மைப் போல எண்ணுவதில்லை. ‘வை’ நமக்கு ஓர் எழுத்து. போனுக்கு வகரம் ஒன்று, ஐகாரக் குறி இன்னொன்று. மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் கணக்கு. இடைவெளியோடு நாங்கள் எண்ணினால் எங்கள் செய்தி 48. போனுக்கு 77.

70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளைத் திரும்ப ஒட்டுவதற்கான குறிப்பு ஒவ்வொன்றிலும் 6 பைட் பிடிப்பதால், ஒரு துண்டில் 67தான் மிஞ்சும். எங்கள் செய்தியில் அந்த 67 ‘அனுப்பி’யோடும் அதற்கடுத்த இடைவெளியோடும் முடிகிறது. ‘வையுங்கள்.’ மட்டும் தனியாக இரண்டாவது எஸ்.எம்.எஸ்.ஸில் போயிருக்கிறது!

கைப்பேசித் தரநிலையில் தமிழுக்கென்று ஒரு 7 பிட் அட்டவணையும் உண்டு. அதில் 155 வரை போகலாம். ஆனால் அனுப்பும் போன், பெறும் போன் இரண்டுக்குமே அது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் போன்களில் அது வேலை செய்யவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் ஒன்றிலேயே அடங்கும்தான், ஆனால் அம்மாமார் வாசிக்க வேண்டுமே.

அடுத்த வாரம் ‘அனுப்பி வையுங்கள்’ என்பதை ‘அனுப்பவும்’ என்று மாற்றினோம். சரியாக 70. எல்லா வீட்டுக்கும் போனது. ஓர் அம்மா கேட்டார்: “ஏன் தம்பி, தொரை நோட்டீஸ் போட்ட மாதிரி இருக்கு?”

சுருக்கென்றது. இப்போது ‘காலை’யையும் இரண்டு முற்றுப்புள்ளியையும் எடுத்துவிட்டோம். அப்போதும் 70தான். ராத்திரி 9 மணிக்கு யாரும் வகுப்புக்கு வரப்போவதில்லை. ‘வையுங்கள்’ திரும்ப வந்துவிட்டது.