ஓசூரில் ஜிகர்தண்டா: பிரியாத பாலின் கணக்கு

ஓசூர் சிப்காட் பகுதியில் முதல் ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்கு முடிகிறது. வண்டிகள் வெளியே வந்த பிறகு அரை மணி நேரம் அங்குள்ள ஒரு ஜிகர்தண்டா கடையில் நிற்க இடம் இருக்காது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒரே நேரத்தில் கேட்கும். பாதிப் பேர் அங்கேயே குடிப்பதில்லை. பார்சல் வாங்கிக்கொண்டு ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிப் பக்கமோ, பாகலூர் சாலையில் உள்ள வாடகை அறைக்கோ போகிறார்கள். மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் டம்ளரை வாங்கி நின்ற இடத்திலேயே கரண்டி போட்டுச் சாப்பிடும் பண்டம் இங்கே அரை மணி நேரம் வண்டியில் குலுங்கிப் பயணம் போகிறது. அப்படிப் போயும் பால் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரியாமல் இருக்க என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் அந்தக் கடையின் பின்கட்டுக்குப் போனேன்.

மாஸ்டர் மதுரைக்காரர். அடுப்பில் இருந்த அகலமான வாணலியைக் காட்டி, “எல்லாம் இதுலதாண்ணே இருக்கு, மத்ததெல்லாம் அப்புறம்” என்றார். அன்றைக்கு 10 லிட்டர் கொழுப்பு நிறைந்த பால். ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் வரும் பாலில் கொழுப்பு 6 சதவீதம், மற்ற திடப்பொருள் 9 சதவீதம். ஆக 100 பங்கில் 15 பங்குதான் சரக்கு, மிச்சம் தண்ணீர். 10 லிட்டரை 6 லிட்டராகச் சுண்ட வைத்தால் அந்த 15 பங்கு 25 ஆகிறது. தண்ணீர் குறைவதோடு இன்னொன்றும் நடக்கிறது. நெடுநேரம் சூட்டில் இருக்கும்போது பாலில் கரைந்திருக்கும் மோர்ப்புரதம் உருக்குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டு தண்ணீரை விடாமல் பிடித்து வைக்கும். பால் பவுடரைக் கரைத்துக் கெட்டியாக்கிய பாலுக்கு இந்தப் பிடிப்பு அவ்வளவாக வருவதில்லை. பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், நாக்கில் மாவாக நிற்கும்.

வாணலி அருகே நின்றவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். கையில் நீண்ட மரத்துடுப்பு. அடிப்பிடிக்காமல் இருக்க மட்டும் அவர் துழாவவில்லை. மேலே படியும் ஆடையை ஓரத்திலிருந்து இழுத்து மறுபடி பாலுக்குள் தள்ளிக்கொண்டே இருந்தார். ஆடை தனியாக நின்றால் கொழுப்பும் தனியாக நிற்கும். ஆறியதும் டம்ளரில் எண்ணெய்ப் பசையாக மிதக்கும். இரண்டரை மணி நேரம் அவர் கை நிற்கவில்லை. தோளும் மணிக்கட்டும் வலிக்காதா என்று கேட்டேன். “இப்போ பழகிடுச்சு அண்ணா” என்றார் தமிழில். கடையின் பெயர் மாஸ்டரின் கையால் வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் துடுப்பைப் பிடித்த கைக்கும் அதில் சமபங்கு உண்டு.

சர்க்கரை கடைசியில்தான் விழுகிறது. லிட்டருக்கு 100 கிராம் கணக்கில் 6 லிட்டருக்கு 600 கிராம். இறக்கிய பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்து, ஆறும் வரையிலும் கிண்டுகிறார்கள். அப்புறம் குளிர்பெட்டி. இதில் ஒரு பங்கை மட்டும் இன்னும் சுண்டவிட்டுப் பாசந்தியாக எடுத்து வைக்கிறார்கள்.

பிசின் விஷயத்தில்தான் பல கடைகள் சறுக்குகின்றன. வாதுமை மரப்பட்டையில் காயம்பட்ட இடத்தில் கசிந்து இறுகுவது பாதாம் பிசின். 50 கிராமை இரண்டு லிட்டர் நீரில் முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் பட்டைத் துணுக்கும் மண்ணும் போகக் கழுவுகிறார்கள். பாதி ஊறியது நடுவில் பல்லில் கடிபடும், அதற்குப் பிறகும் பாலிலிருந்து நீரை உறிஞ்சும். முழுக்க ஊறியதோ தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கி நிற்கிறது. அதை வடிக்காமல் டம்ளரில் போட்டால் கூடவே வரும் நீர் பாலை நீர்க்கவைத்துவிடும். அதனால் மாஸ்டர் சல்லடையில் அரை மணி நேரம் வடியவிட்டு, பிறகு நன்னாரி சர்பத்தில் போட்டு ஊறவைக்கிறார்.

இந்த இரண்டாவது ஊறல்தான் நான் பார்த்ததிலேயே நுட்பமான வேலை. வெறும் நீரில் ஊறிய பிசின் கிட்டத்தட்ட நீரின் எடைதான். சர்க்கரை சேர்ந்த சுண்டிய பால் அதைவிடக் கனம். ஆகவே பிசின் மேலே ஏறி மிதக்கும். கெட்டியான சர்பத் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.3 கிலோ வரும். அந்தச் சர்க்கரை பிசினுக்குள் இறங்கியதும் பிசின் கனத்து, டம்ளரின் அடியிலேயே தங்கிவிடுகிறது. கடல்பாசியைப் போட்டால் இப்படி நிற்காதா என்றேன். நிற்கும், ஆனால் நேரம் ஆக ஆக அது தண்ணீர் கக்கும் என்றார். உடனே குடிக்கும் டம்ளருக்குச் சரி, பார்சலுக்கு ஆகாது.

அடியில் பிசினும் நன்னாரியும், அதன்மேல் டம்ளரின் உள்சுவர் வழியாக மெதுவாகச் சரியும் பால், பிறகு பாசந்தி ஒரு கரண்டி, உச்சியில் ஐஸ்கிரீம். பாலை நடுவில் உயரத்திலிருந்து ஊற்றினால் அடுக்கு அங்கேயே கலைந்துவிடும். ஐஸ் கட்டி எதிலும் கிடையாது. குளிர்ச்சி முழுக்கப் பாலுக்குள்ளேயே இருக்க வேண்டும். உருகும் ஒவ்வொரு கட்டியும் மூன்று மணி நேர வேலையைத் திருப்பித் தண்ணீராக்குகிறது.

ஐஸ்கிரீமும் அவர்களே செய்வது. சுண்டிய பாலில் கருக்கிய சர்க்கரை சேர்த்து, ஐஸும் உப்பும் சூழ்ந்த டிரம்மில் கடைந்து எடுப்பது. மதுரையில் பாய் ஐஸ்கிரீம் என்பார்கள். இயந்திர ஐஸ்கிரீமில் காற்று நிறைய ஏற்றுவதால் அது உருகும்போது மேலே நுரை நிற்கும். கடைந்ததில் காற்று குறைவு. உருகினால் பாலோடு பாலாகச் சேர்ந்துவிடும். தாவரக் கொழுப்பில் செய்த ‘ஃப்ரோசன் டெசர்ட்’ போடும் கடைகளில் அண்ணத்தில் ஒரு பசை ஒட்டுவதை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள்.

கிருஷ்ணகிரி மாங்கூழுக்குப் பேர்போன மாவட்டம். நன்னாரிக்குப் பதில் மாங்கூழ் ஊற்றி ஒரு கோடையில் இந்தக் கடையில் விற்றுப் பார்த்திருக்கிறார்கள். கடையில் நின்று குடித்தவர்கள் பாராட்டினார்கள். பார்சல் வாங்கியவர்கள் மறுநாள் வந்து, பால் திரிந்துவிட்டது என்றார்கள். மாங்கூழ் புளிப்புள்ளது, கேசின் புளிப்பைக் கண்டால் திரளும். சில்லென்று இருக்கும் வரை அது மெதுவாக நடக்கிறது, வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வேகமாகிறது. பாட்டிலின் உள்சுவரில் பொடிப்பொடியாக ஒட்டுவது முதல் அடையாளம். புளிப்பு சேர்த்த நன்னாரி சர்பத்திலும் இதே ஆபத்து உண்டு. அதனால் எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ சேராத சர்பத்தை வேரை இடித்து இவர்களே காய்ச்சுகிறார்கள்.

பார்சலில் ஐஸ்கிரீமைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். குடிப்பதற்கு முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிசினுக்கும் பாலுக்கும் நடுவே கண்ணாடி போலத் தெளிந்த நீர்ப்பட்டை தெரிந்தால் அங்கே பிசினை வடிக்கவில்லை என்று பொருள். சுவரில் குருணை தெரிந்தால் அதைக் குடிக்க வேண்டாம். இரண்டும் இல்லையென்றால், வீடு சேர்ந்ததும் அடிவரை கரண்டியை விட்டுக் கலக்கி, ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள்.