112 சிலைட் ஒரு தாளாகின கதை



சாதாரண தரம் எழுதப்போற பிள்ளைகளின் பெற்றோர் சிலர், "அந்தச் சூத்திரத் தாள் இன்னும் இருக்கா?" என்று பள்ளிவாசலடியில் மறித்துக் கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் போன வருடம் கொடுத்த தாளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைக் கிழித்துப் போடுங்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை அது. ஒரு கருத்தரங்கில் கிடைத்த சிலைட் தொகுப்பு எங்களிடம் இருந்தது. பௌதிகப் பகுதிக்கு மட்டும் 112 சிலைட். நல்ல தொகுப்புத்தான், படங்களும் இருந்தன. ஆனால் பரீட்சைக்கு முதல் வாரம் ஒரு பிள்ளை அதை எப்படிப் புரட்டும்? அதனால் சூத்திரங்களை மட்டும் பிடுங்கி ஒரு A4 தாளில் அடித்தோம். நிபந்தனைகளை, அதாவது எப்போது பாவிக்கலாம் எப்போது கூடாது என்பதை, கடைசியில் சின்ன எழுத்தில் "குறிப்பு" என்று மூன்று வரியாகப் போட்டோம். போட்டோக்கொப்பி அடித்தபோது தாளின் அடிப்பக்கம் வெட்டுப்பட்டுவிட்டது. கொடுத்த எங்களுக்கும் தெரியவில்லை, வாங்கிய பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.

தவணைப் பரீட்சையில் தெரிந்தது. கொதிக்கிற நீரை ஆவியாக்கத் தேவையான வெப்பம் எவ்வளவு என்ற கேள்விக்கு, வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று Q = mcθ என்று எழுதி, θ = 0 என்று போட்டு, விடை பூச்சியம் என்று முடித்திருந்தது. வழியில் ஒரு பிழையும் இல்லை, பெருக்கலும் சரி. கூப்பிட்டுக் கேட்டால், "சேர், நீங்க தந்த தாளில வெப்பத்துக்கு அது ஒண்டுதானே இருந்தது" என்றது. எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே இந்த முறை வேறு விதமாகத் தொடங்கினோம். முதலில் 112 சிலைட்டையும் பார்த்து, சமன்பாடு வருகிற இடம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினோம். 41 இடம் வந்தது. பிறகு ஒன்றையே வேறு உருவில் எழுதியவற்றை வெட்டினோம். V = IR, I = V/R, R = V/I மூன்றும் மூன்று சிலைட்டில் மூன்று பெட்டிக்குள் இருந்தன, அது ஒன்றுதான். அப்படி வெட்ட மிஞ்சியது 19. நிறுவல்களையும் படங்களையும் விட்டோம், அவை விளங்கிக்கொள்ளத் தேவை, தாளுக்குத் தேவையில்லை. மிச்சம் பிடித்த இடத்தில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் எழுத்துகளின் கருத்து, அலகு, நிபந்தனை மூன்றையும் அதே வரியில், அதே அளவு எழுத்தில் போட்டோம். அடிக்குறிப்பே கிடையாது. இனி வெட்டுப்பட்டால் சூத்திரமும் சேர்ந்து வெட்டுப்படும், உடனே தெரிந்துவிடும்.

சொல்ல இலகு. நிபந்தனையைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் போனது. சிலைட்டில் சூத்திரம் பெரிதாகப் பெட்டிக்குள் இருக்கும். நிபந்தனை அதற்கு இரண்டு சிலைட் முதல் ஒரு வசனத்தின் நடுவில் ஒளிந்திருக்கும், அல்லது விரிவுரையாளர் வாயால் சொல்லியிருப்பார், சிலைட்டில் வந்தே இருக்காது.

Q = mcθ வரியை எடுங்கள். m கிலோகிராமில், c தன்வெப்பக் கொள்ளளவு J kg⁻¹ °C⁻¹ இல், θ வெப்பநிலை மாற்றம். (ஒரு சிலைட்டில் °C⁻¹ என்றும் இன்னொன்றில் K⁻¹ என்றும் இருந்தது. மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டும் ஒன்றுதான், பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை.) நிபந்தனை: பொருள் நிலை மாறக் கூடாது. உருகும்போதும் கொதிக்கும்போதும் இந்தச் சூத்திரம் செல்லாது.

வகுப்பில் இதற்கு நோன்புக் கஞ்சியைத்தான் உதாரணமாக எடுத்தோம். பானையில் 10 kg தண்ணீர், 30 °C இலிருந்து 100 °C வரை சூடாக்க 10 × 4200 × 70, அதாவது 2,940,000 J. இவ்வளவுக்கும் சூத்திரம் சரி. கொதி வந்த பிறகு அடுப்பை எரியவிட்டு, 2 kg நீர் ஆவியாகப் போகும்வரை கஞ்சியை இறுக்குகிறோம் என்று வையுங்கள். வெப்பமானி 100 இலேயே நிற்கும். θ பூச்சியம், ஆகவே சூத்திரத்தின்படி வெப்பம் பூச்சியம். அப்படியென்றால் கொதி வந்த பிறகு விறகே வேண்டாமே! உண்மையில் 1 kg நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260,000 J வேண்டும். 2 kg க்கு 4,520,000 J. தண்ணீரைக் கொதிக்க வைத்ததை விட, கொஞ்சத்தை ஆவியாக்கத்தான் கூடச் செலவு. இதைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை, "அதுதான் மூடி போட்டுக் காய்ச்சச் சொல்லி உம்மா ஏசுறவ" என்றது. அந்த வரிக்கு அதை விட நல்ல விளக்கம் எங்களிடம் இல்லை.

இரண்டாவது தலையிடி V = IR. அலகு எல்லாருக்கும் தெரியும்: வோல்ட், அம்பியர், ஓம். நிபந்தனை, வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும். இதை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் என்ன கருத்து என்று தெரியாது. அதனால் 60 W, 230 V என்று எழுதிய பழைய இழை மின்குமிழ் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். (இப்போது அதைத் தேடுவதே பெரும்பாடு, எல்லா வீட்டிலும் LED.) எரியும்போது அதன் தடை 230 × 230 ÷ 60, கிட்டத்தட்ட 882 Ω. குமிழைக் கழற்றி, ஆறவிட்டு, மல்ரிமீற்றரை வைத்தால் நூறைக்கூடத் தொடவில்லை. பிள்ளைகள் மீற்றர் பழுது என்றார்கள். பழுதில்லை. இழை வெள்ளையாக எரியும்போது அதன் தடை குளிரில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. எந்த நேரத்திலும் அந்த நேரத்து V ஐ அந்த நேரத்து I ஆல் பிரித்தால் அந்த நேரத்துத் தடை வரும், அதில் சிக்கலில்லை. ஆனால் ஒரு நிலையில் கண்ட R ஐ இன்னொரு நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது. தாளில் அப்படியே எழுதினோம்: "R மாறாவிட்டால் மட்டும் V இரட்டிக்க I இரட்டிக்கும். சூடாகும் இழைக்குப் பொருந்தாது."

மூன்றாவது, P = hρg. எங்கள் ஊரில் இதைக் கிணற்றோடு படிப்பிக்காவிட்டால் வேறு எதோடு படிப்பிப்பது? h என்பது நீர் மட்டத்திலிருந்து நிலைக்குத்தாக உள்ள ஆழம், சரிவாக அளந்த கயிற்றின் நீளம் அல்ல. ρ கட்டாயம் kg m⁻³ இல். இங்கேதான் பாதிப் பிள்ளைகள் விழுவார்கள். நீரின் அடர்த்தி 1 g cm⁻³ என்று மனதில் இருக்கும், அந்த 1 ஐ அப்படியே போடுவார்கள். 3 m ஆழத்துக்கு 3 × 1000 × 10, அதாவது 30,000 Pa வரவேண்டிய இடத்தில் 30 Pa வரும். 30 Pa என்பது 3 mm தண்ணீரின் அமுக்கம், ஒரு தட்டில் சிந்தின அளவு. ஆகவே தாளில் அலகுகளையும் பெருக்கிக் காட்டினோம்: m × kg m⁻³ × m s⁻² = N m⁻² = Pa. அலகு சரியாக வந்து முடியாவிட்டால் எண்ணைப் பார்க்கவே தேவையில்லை.

நிபந்தனை: திரவம் அசையாமல் இருக்க வேண்டும், அடர்த்தி மேலிருந்து கீழ்வரை ஒன்றாக இருக்க வேண்டும். இதை வாசித்த ஒரு மாணவன், தீவுப் பக்கத்துப் பிள்ளை, "எங்கட கிணத்தில மேல நல்ல தண்ணி, கீழ உப்புத் தண்ணி. அப்ப பாவிக்க ஏலாதா சேர்?" என்று கேட்டான். அன்றைக்குப் பாடம் வேறு பக்கம் போய்விட்டது, ஆனால் போனது நல்லதுதான்.

பாவிக்கலாம், ஒவ்வொரு படைக்கும் தனித்தனியாக. குடாநாட்டில் நிலத்தடி நன்னீர், உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1000, கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1025. கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்தை விட h உயரத்தில் நிற்கிறது, கடல் மட்டத்திலிருந்து z ஆழத்தில் உப்புநீர் தொடங்குகிறது என்று வையுங்கள். அந்த எல்லையில் இரண்டு பக்க அமுக்கமும் சமன். ஒரு பக்கம் (h + z) உயர நன்னீர், மற்றப் பக்கம் z உயரக் கடல்நீர். 1000(h + z) = 1025z. தீர்த்தால் z = 40h. மேலே அரை மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 20 m. பத்தாம் ஆண்டுச் சூத்திரத்தை இரண்டு தரம் எழுதினால் வருகிறது. ஒரு ஒல்லாந்தரும் ஒரு ஜேர்மானியரும் நூறு வருடத்துக்கு முதலே தனித்தனியாகக் கண்ட இதற்கு கைபன்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பு என்று பெயர்.

பிள்ளைகளுக்கு 40 என்ற எண் பிடித்துவிட்டது. எங்களுக்குப் பயம் பிடித்தது. அதே கணக்கைத் திருப்பினால், நீர்மட்டம் அரை மீற்றர் இறங்கினால் உப்பு 20 m மேலே வர வழி விடுகிறோம். அது ஒரே நாளில் வராது, மெல்ல வரும். அதோடு இந்த 40 க்கும் நிபந்தனை உண்டு: தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும், எல்லை கோடு போட்டதுபோல் இருக்க வேண்டும், பாறை எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எங்கள் சுண்ணாம்புக்கல் அப்படியா? துளையும் வெடிப்பும் குகையுமாக இருக்கிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருக்கிற நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். எல்லையும் கோடு அல்ல, இரண்டும் கலந்த ஒரு தடித்த படை. மோட்டர் போட்டு இழுத்தால் தண்ணீர் அசைகிறது, இழுக்கிற இடத்துக்கு நேர் கீழே உப்பு கூம்புபோல் எழும்பி வரும். பின்னேரம் வரை இறைத்த கிணறு கரித்து, இரவு விட்டு விடிய ருசி திரும்பினால், நடந்தது அதுதான் என்று சந்தேகிக்கலாம். "எங்களுக்கு 20 m இருக்கு" என்று நம்பி இறைக்கக் கூடாது. கணக்கு சொல்வது அந்த நிபந்தனைகள் பொருந்தும் நிலைமையை மட்டும்.

இந்த வரியைத் தாளில் போடுவதா விடுவதா என்று எங்களுக்குள் ஒரு கிழமை வாக்குவாதம். பரீட்சைக்கு வராது, இடம் பிடிக்கும் என்று ஒருவர். பரீட்சைக்கு வராவிட்டாலும் வீட்டுக்கு வரும் என்று மற்றவர். கடைசியில் 20ஆவது வரியாக, நிபந்தனைகளோடு, தாளின் பின்பக்கத்தில் போட்டோம்.

தாளைப் பரீட்சித்தது இப்படி. பழைய வினாத்தாள்களைக் கொடுத்து, விடை எழுத முதல் எந்த வரி, அதன் நிபந்தனை கேள்வியில் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டச் சொன்னோம். "பனிக்கட்டி உருகி", "சீரான ஆர்முடுகலுடன்", "உராய்வைப் புறக்கணிக்க" என்ற சொற்களின் கீழ் கோடு விழத் தொடங்கியது. பிள்ளைகள் தடுமாறின இரண்டு வரிகளைத் திருத்தி எழுதினோம். பூச்சியம் என்று எழுதின பிள்ளைதான் அதில் ஒன்றைக் கண்டுபிடித்தது: நிலைமாற்றியில் ஆடலோட்டம் மட்டும் என்ற நிபந்தனையை நாங்களே விட்டிருந்தோம், பற்றரியைக் கொடுத்தால் என்ன என்று கேட்டது.

திருத்தின தாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ், எங்களிடம் கிடைக்கும். இரண்டு பக்கமும் இருக்கிறதா, 20 வரியும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.